எண்ணெய்ப் படலத்தின் மீது ஏற்றப்படும் பொய்ச்சுமை

“சுமைதாங்குதிறன் அதிகரிக்கிறது.” சறுக்குத் தாங்கிகளைப் பற்றி இந்தியப் பல்கலைக்கழகங்களின் கணிதத் துறைகளிலும் இயந்திரவியல் துறைகளிலும் எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியத்தில்தான் முடிகிறது. காந்தத் திரவத்தைச் சேர்த்தால் அதிகரிக்கிறது. நானோ துகள்களைச் சேர்த்தால் அதிகரிக்கிறது. இணைதகைவுத் திரவம் என்று கொண்டால் அதிகரிக்கிறது. ஏதோ ஓர் அளவுரு பூஜ்யத்திலிருந்து 0.4 வரை ஏறுகிறது. வரைபடத்தில் நான்கு வளைகோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுகின்றன. கட்டுரை நிறைவு பெறுகிறது. படலத்தின் தடிமன் எத்தனை மைக்ரோமீட்டர் என்று வாய்மொழித் தேர்வில் யாரேனும் கேட்டால், பதில் பெரும்பாலும் “பரிமாணமற்ற வடிவில் எடுத்துக்கொண்டோம்” என்பதாகவே இருக்கும்.

அந்தப் பதில் போதாது. சமன்பாடுகள் தவறில்லை, தீர்வுகளும் தவறில்லை. தவறு, விடைக்கு இடப்படும் பெயரில் இருக்கிறது. இக்கட்டுரைகள் கணக்கிடுவது ஒன்று. “சுமைதாங்குதிறன்” என்ற சொல் வாக்களிப்பது வேறொன்று.

முதலில், தகராறுக்கு அப்பாற்பட்ட பகுதி. ஒரு தட்டையான தகடு U என்ற வேகத்தில் நகர்கிறது. அதன் மேல், சற்றே சாய்ந்த நிலையில், L நீளமுள்ள சறுக்கி அசையாமல் நிற்கிறது. இரண்டுக்கும் இடையே எண்ணெய். நுழைவாயிலில் இடைவெளி h1. வெளிவாயிலில் அதைவிடக் குறைந்த h2. நகரும் தகடு எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு இந்த ஆப்பு வடிவ இடைவெளிக்குள் செலுத்துகிறது. அகன்ற வாயிலில் இழுத்து வரப்படும் அளவு முழுவதும் குறுகிய வாயில் வழியே அப்படியே வெளியேற முடியாது. ஆகவே உள்ளே அழுத்தம் எழுகிறது. அந்த அழுத்தம் நுழைவாயிலில் வரத்தைத் தடுக்கிறது, வெளிவாயிலில் போக்கைத் தூண்டுகிறது, இரண்டையும் சமன்செய்கிறது. அந்த அழுத்தத்தின் கூட்டுவிளைவே சுமையைத் தாங்குகிறது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் எழுதிய சமன்பாடு சொல்வது இதைத்தான்.

சறுக்கியின் அகலத்தை வரம்பற்றது என்றும், எண்ணெயின் பாகுநிலை எங்கும் ஒன்றே என்றும் கொண்டால், விடை ஒரே வரியில் கிடைத்துவிடும். K = h1/h2 எனில், B அகலமுள்ள பகுதி தாங்கும் சுமை:

W = (6 μ U L² B / h2²) · [ln K − 2(K−1)/(K+1)] / (K−1)²

K ஒன்றாக இருந்தால், அதாவது சறுக்கி தகட்டுக்கு இணையாக இருந்தால், சுமை பூஜ்யம். K ஏறத்தாழ 2.19 ஆகும்போது சுமை உச்சத்தை எட்டுகிறது; அப்போது W = 0.1602 μUL²B/h2². உச்சம் கூர்மையானது அன்று. K 1.5 ஆனால் அந்த எண் 0.131; 3 ஆனால் 0.148. சாய்வில் சிறு பிழை நேர்ந்தாலும் பெரிய இழப்பில்லை.

இங்கே ஒரு நியாயமான முன்மாதிரியைக் குறிப்பிட வேண்டும். 1918இல் ரேலி பிரபு, h2 மாறாது என்று வைத்துக்கொண்டு, எந்த வடிவம் அதிகச் சுமையைத் தாங்கும் என்று வினவினார். விடை சாய்தளம் அன்று, ஒரு படி. நுழைவாயிலிலிருந்து ஏறத்தாழ 72 விழுக்காடு தூரத்தில் அமையும் அந்தப் படி, 0.1602 என்ற எண்ணை 0.206 ஆக உயர்த்துகிறது. இந்த ஒப்பீடு செல்லும். ஏனெனில் இருபுறமும் அதே எண்ணெய், அதே வேகம், அதே குறைந்தபட்ச இடைவெளி; மாறியது வடிவம் மட்டுமே. வரம்பற்ற அகலத்துக்கே அந்த முடிவு பொருந்தும் என்ற எல்லையும் கணக்கிலேயே தெளிவாக இருக்கிறது. கேள்வி எது, எது நிலையாக வைக்கப்பட்டது, எது தேடப்பட்டது என்பதில் குழப்பமில்லை. இன்றைய வளைகோட்டுக் கட்டுரைகளில் இல்லாமற்போனது இந்தத் தெளிவுதான்.

அவற்றில் நிலையாக வைக்கப்படுவது h2. தேடப்படுவது W. இயந்திரத்தில் நடப்பது நேர்மாறானது. நீர்மின் நிலையத்தின் செங்குத்துத் தண்டைத் தாங்கும் உந்துதாங்கியை எண்ணிப் பார்க்கலாம். சுழலியின் எடையும் நீரின் உந்துதலும் எவ்வளவோ, அதுதான் சுமை. அதை எண்ணெய்ப் படலம் நிர்ணயிப்பதில்லை, ஏற்றுக்கொள்கிறது. சுமை கூடினால் படலம் மெலிகிறது. மெலிந்த படலத்தில் அழுத்தம் ஏறிச் சுமையோடு சமன்படுகிறது. அங்கே தெரிந்தது W, தெரியாதது h2.

ஆகவே “சுமைதாங்குதிறன்” என்பதற்கு ஒரே பொருள்தான் இருக்க முடியும்: படலம் மெலிந்து மெலிந்து, இதற்குமேல் மெலியலாகாது என்ற எல்லையைத் தொடும்போது உள்ள சுமை. அந்த எல்லையை ரெனால்ட்ஸ் சமன்பாடு தருவதில்லை. பரப்புகளின் கரடுமுரடு, எண்ணெயில் மிதந்து வரும் தூசு, தண்டின் சாய்வு, உலோகம் வெப்பத்தால் வளையும் அளவு ஆகியவை அதைத் தீர்மானிக்கின்றன. இந்த எல்லையைச் சொல்லாமல் தாங்குதிறனைச் சொல்வது, கிணற்றின் ஆழத்தைச் சொல்லாமல் கயிற்றின் நீளம் போதும் என்று சாதிப்பது போன்றது.

இனி ஓர் எடுத்துக்காட்டை எண்களோடு பின்தொடரலாம். 100 மி.மீ. நீளமும் 100 மி.மீ. அகலமும் உள்ள சதுரச் சறுக்கி. தகட்டின் வேகம் நொடிக்கு 10 மீட்டர். எண்ணெய், ஆலைகளில் சாதாரணமாகப் புழங்கும் வி.ஜி. 46 தரம், ஏறத்தாழ 46 டிகிரி செல்சியஸில் உள்ளே நுழைகிறது, அப்போது அதன் பாகுநிலை சுமார் 0.03 பாஸ்கல் நொடி. கரடுமுரடும் தூசும் சாய்வும் சேர்ந்து, 40 மைக்ரோமீட்டருக்குக் கீழே படலம் மெலியலாகாது என்று வடிவமைப்பாளர் முடிவு செய்திருக்கிறார்.

சூத்திரத்தில் இட்டால் 30 கிலோநியூட்டன் வருகிறது. பல பாடக் குறிப்பேடுகள் இங்கே நின்றுவிடுகின்றன.

ஆனால் சறுக்கியின் அகலம் வரம்பற்றதன்று, நீளத்துக்குச் சமமானது. அழுத்தம் ஏறியதும் எண்ணெய் முன்னால் மட்டுமின்றிப் பக்கவாட்டிலும் பீறிட்டு வெளியேறுகிறது. இரு ஓரங்களிலும் அழுத்தம் பூஜ்யமாகிறது. இந்தப் பக்கக் கசிவைக் கணித ரீதியாக முதலில் தீர்த்தவர் ஆஸ்திரேலியப் பொறியாளர் ஏ. ஜி. எம். மிச்செல், ஆண்டு 1905. சதுரச் சறுக்கிக்கு, வரம்பற்ற அகலத்துக்குரிய சுமையில் ஏறத்தாழ 44 விழுக்காடே மிஞ்சுகிறது. 30 கிலோநியூட்டன் 13 ஆகிறது.

அடுத்து வெப்பம். படலத்தை வெட்டிக்கொண்டு ஓடும் தகடு உராய்வை எதிர்கொள்கிறது. மேற்சொன்ன அளவுகளுக்கு அந்த உராய்வு விசை ஏறத்தாழ 56 நியூட்டன். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அது 560 வாட் வெப்பமாகிறது. ஒரு சிறிய இஸ்திரிப் பெட்டியின் வெப்பம், மனித முடியின் பருமனுக்கும் குறைவான படலத்துக்குள் பிறக்கிறது. பக்கக் கசிவைப் புறக்கணித்தால், அதைச் சுமந்து செல்ல நொடிக்கு 27 மில்லிலிட்டர் எண்ணெய்தான் இருக்கிறது. ஆகவே நுழைவாயிலிலிருந்து வெளிவாயிலுக்குள் எண்ணெய் 12 டிகிரி அளவுக்குச் சூடேறுகிறது. 46 டிகிரியிலிருந்து 58 டிகிரிக்குச் சென்ற அந்த எண்ணெய், தன் பாகுநிலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழந்துவிடுகிறது. சராசரியாக 0.024 என்று கொண்டால், சுமை இன்னும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, பத்தரைக் கிலோநியூட்டனில் வந்து நிற்கிறது.

30 எங்கே, பத்தரை எங்கே? அகலத்தையும் வெப்பத்தையும் புறக்கணித்ததால் விளைந்த மிகை மூன்று மடங்குக்குச் சற்றே குறைவு. இதே இரண்டையும் புறக்கணித்துவிட்டு, ஒரு புதிய திரவம் “சுமைதாங்குதிறனை 10 விழுக்காடு உயர்த்துகிறது” என்று அறிவிப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

அந்த 10 விழுக்காடு எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எண்ணெயின் கன அளவில் 4 விழுக்காடு நுண்துகள்களைக் கலப்பதாகக் கொள்ளலாம். ஐன்ஸ்டைனின் பழைய விதிப்படி பாகுநிலை 1 + 2.5 × 0.04, அதாவது 1.10 மடங்கு ஆகிறது. சூத்திரத்தில் W என்பது μவுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. பரிமாணமற்ற சுமையை வரையறுக்கும்போது அடிப்படை எண்ணெயின் பாகுநிலையால் வகுத்தால், விடை 1.10 மடங்கு ஆகும். இது கண்டுபிடிப்பு அன்று. உள்ளீட்டை வெளியீட்டில் மறுபடி வாசித்தல். பையில் போட்ட பத்து ரூபாயைப் பையிலிருந்தே எடுத்துவிட்டு, பை பணம் தருகிறது என்று வியப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

பாகுநிலையை உயர்த்துவதுதான் நோக்கம் என்றால், அதற்குத் துகளும் வேண்டாம், காந்தமும் வேண்டாம். கடையில் வி.ஜி. 46க்குப் பதிலாக வி.ஜி. 68 என்று கேட்டு வாங்கினால் போதும். 40 டிகிரியில் அதன் பாகுநிலை 48 விழுக்காடு அதிகம். ஒரு புதிய திரவம் முறியடிக்க வேண்டியது அடிப்படை எண்ணெயை அன்று. அதே பாகுநிலை கொண்ட சாதாரண எண்ணெயை. அந்த ஒப்பீட்டைச் செய்யும் கட்டுரைகள் மிகச் சில.

சுமையை நிலையாக வைத்துக் கேள்வியைத் திருப்பிப் போட்டால், ஆதாயம் மேலும் சுருங்குகிறது. சுமை h2வின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், சாய்வு விகிதம் மாறாத வரை, படலத்தின் தடிமன் பாகுநிலையின் இருபடி மூலமாகவே உயரும். பாகுநிலை 10 விழுக்காடு கூடினால் படலம் 5 விழுக்காடுதான் தடிக்கிறது: 40 மைக்ரோமீட்டர் 42 ஆகிறது. உராய்வும் அதே 5 விழுக்காடு கூடுகிறது; வெப்பமும் கூடுகிறது; கூடிய வெப்பம் பாகுநிலையைக் குறைக்கிறது. கிடைத்த இரண்டு மைக்ரோமீட்டரில் ஒரு பகுதி அப்படியே திரும்பப் பறிபோகிறது. வளைகோடு இவற்றில் எதையும் காட்டுவதில்லை, ஏனெனில் அது h2வை ஆணியடித்து நிறுத்திய பிறகு வரையப்பட்டது.

மாறாக, எண்ணெய் வடிகட்டியை மேம்படுத்தி, பரப்பை இன்னும் மெருகேற்றி, அனுமதிக்கத்தக்க குறைந்தபட்சப் படலத்தை 40இலிருந்து 36 மைக்ரோமீட்டருக்கு இறக்க முடிந்தால், அதே எண்ணெயில் சூத்திரம் தரும் தாங்குதிறன் 23 விழுக்காடு உயர்கிறது. வெப்பநிலை உயர்வும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடும் என்பதால் ஆதாயம் முழுவதும் கைக்கு வராது. இருந்தும் பெரும்பகுதி வரும். பட்டறையில் வேலை செய்பவர்களுக்கு இது தெரியும். ஆய்வேடுகளுக்குத் தெரியாதது போலிருக்கிறது.

துகள் கலந்த திரவத்திலாவது பாகுநிலை உண்மையில் கூடுகிறது. இணைதகைவுத் திரவம் பற்றிய கட்டுரைகளின் நிலை இன்னும் சங்கடமானது. வி. கே. ஸ்டோக்ஸ் 1966இல் முன்வைத்த கோட்பாடு அது. அவர் 19ஆம் நூற்றாண்டின் பெரிய ஸ்டோக்ஸ் அல்லர். திரவத்துக்குள் ஒரு நீள அளவை இருப்பதாக அக்கோட்பாடு கொள்கிறது. அதை l என்பர். எண்ணெயில் கரைந்திருக்கும் நீண்ட மூலக்கூறுகளின் பருமனோடு அது தொடர்புடையது என்பது வழக்கமான விளக்கம். ரெனால்ட்ஸ் சமன்பாட்டில் h³ இருந்த இடத்தில் இப்போது வருவது:

h³ − 12 l² h + 24 l³ tanh(h / 2l)

h³ஐவிட இது சிறியது. ஆகவே அழுத்தத்தால் எண்ணெய் கசிவது குறைகிறது, சுமை கூடுகிறது. கணிதம் பழுதற்றது. கட்டுரைகளில் l/h2 என்ற விகிதம் 0.1, 0.2, 0.3 என்று ஏறுகிறது. l/h 0.2 ஆகும் இடத்தில் மேற்கண்ட கோவை, h³இல் 71 விழுக்காடாகக் குறைகிறது. வளைகோடு கம்பீரமாக மேலெழுகிறது.

இப்போது ஒரே ஒரு முறை அந்த விகிதத்தை மைக்ரோமீட்டரில் எழுதிப் பார்க்கலாம். படலம் 40 மைக்ரோமீட்டர். l/h 0.2 எனில் l 8 மைக்ரோமீட்டர். அது ஏறத்தாழ மனிதனின் ஒரு சிவப்பணுவின் விட்டம். மசகெண்ணெயில் கரையும் பாலிமர் மூலக்கூறு எதுவும் அந்தப் பருமனை நெருங்குவதில்லை. எண்ணெயில் சுருண்டு கிடக்கும் அதன் அளவு சில பத்து நானோமீட்டர்தான். தாராளமாக 40 நானோமீட்டர் என்று கொடுத்தால் l/h 0.001 ஆகிறது. அப்போது கோவை h³இலிருந்து விலகுவது லட்சத்தில் ஒரு பங்கு அளவே. 41 விழுக்காடு என்றோ 30 விழுக்காடு என்றோ பேசப்பட்ட உயர்வு, இருக்கிறதா இல்லையா என்று எந்தக் கருவியாலும் சொல்ல முடியாத அளவுக்குக் கரைந்துபோகிறது.

ஓர் அளவுருவுக்கு எந்த மதிப்பு கொடுக்கலாம் என்பதை “முந்தைய கட்டுரைகளில் எடுத்துக்கொண்டபடி” என்று எழுதிக் கடந்துபோவதால்தான் இது நிகழ்கிறது. முந்தைய கட்டுரை அதற்கு முந்தையதைக் காட்டுகிறது. சங்கிலியின் முதல் கண்ணியில் ஓர் அளவீடு இருக்கிறதா என்று தேடிச் செல்பவர் குறைவு. மிக மெல்லிய படலங்களில், மூலக்கூறின் பருமனும் இடைவெளியும் நெருங்கிவரும் இடங்களில், இத்தகைய கோட்பாடுகளுக்கு வேலை இருக்கலாம். 40 மைக்ரோமீட்டர் சறுக்குத் தாங்கி அந்த இடம் அன்று.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்புகள் இரண்டு. அவை புறந்தள்ளத்தக்கவை அல்ல.

முதலாவது, “இது கணித ஆய்வு, இயந்திரத்தோடு ஒப்பிட வேண்டியதில்லை” என்பது. கணித ஆய்வாகவே இருக்கட்டும். அப்படியானால் தலைப்பிலும் முடிவுரையிலும் “தாங்கியின் ஆயுளை நீட்டிக்கும்”, “தொழிற்சாலைகளுக்குப் பயன்படும்” என்ற வாக்கியங்கள் எதற்கு? ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டின் தீர்வு ஓர் அளவுருவைப் பொறுத்து ஒரே திசையில் ஏறுகிறது என்று நிறுவினால், அதை அப்படியே சொல்லலாம். “சுமைதாங்குதிறன்” என்ற சொல்லைக் கையிலெடுத்த கணமே, எழுதுபவர் இயந்திரத்தைப் பற்றி ஒரு வாக்குமூலம் கொடுக்கிறார். வாக்குமூலத்துக்குச் சான்று வேண்டும்.

இரண்டாவது, “பரிமாணமற்ற வடிவமே பொதுமையைத் தருகிறது” என்பது. உண்மை. 0.1602 என்பதும் பரிமாணமற்ற எண்தான். அந்த ஓர் எண்ணில் எல்லா நீளங்களும் எல்லா வேகங்களும் எல்லா எண்ணெய்களும் அடங்கிவிடுகின்றன. அதுவே அதன் அழகு. ஆனால் பரிமாணங்களை நீக்குவது சுருக்கிச் சொல்வதற்காக, மறைப்பதற்காக அன்று. சென்ற வழியே திரும்பிவந்து ஒருமுறையேனும் மில்லிமீட்டரிலும் டிகிரியிலும் நியூட்டனிலும் விடையைச் சொல்ல முடியாதவர், பொதுமையை அடையவில்லை, பொருளை இழந்திருக்கிறார்.

சூத்திரத்தை மட்டும் நம்புவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இத்துறையின் வரலாற்றிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. மிச்செலும், அமெரிக்காவில் தனியாக ஆல்பர்ட் கிங்ஸ்பரியும், சறுக்கியை ஒரு முனையின் மேல் தாங்கவைத்து, அது தானே சாய்ந்துகொள்ளும்படி அமைத்தார்கள். கிங்ஸ்பரியின் தாங்கி 1912இல் பென்சில்வேனியாவின் ஹோல்ட்வுட் நீர்மின் நிலையத்தில் பொருத்தப்பட்டது. கணக்கின்படி அந்த முனை, நுழைவாயிலிலிருந்து ஏறத்தாழ 58 விழுக்காடு தூரத்தில் இருந்தால் K தானாகவே உச்சநிலைக்கு வந்து நிற்கும். முனையைச் சரியாக நடுவில் வைத்தால்? அழுத்தத்தின் மையம் நடுவில் அமைய வேண்டுமானால் K ஒன்றாக வேண்டும். K ஒன்றானால் சுமை பூஜ்யம். சூத்திரத்தின் தீர்ப்பு ஐயத்துக்கு இடமற்றது: நடுமுனைச் சறுக்கி எதையும் தாங்காது.

ஆனால் அது தாங்குகிறது. இருதிசையிலும் சுழல வேண்டிய இயந்திரங்களில் நடுமுனைச் சறுக்கிகள் பல்லாண்டுகளாக வேலை செய்துவருகின்றன. காரணம், சறுக்கி தட்டையாக இருப்பதில்லை. எண்ணெயைத் தொடும் முகம் சூடாகவும் பின்முகம் சற்றுக் குளிர்ந்தும் இருப்பதால் அது மெல்ல வளைந்து, நடுவில் புடைக்கிறது. மேற்கண்ட 100 மி.மீ. சறுக்கி 25 மி.மீ. தடிமனுள்ள எஃகினாலானது என்று கொண்டு, இரு முகங்களுக்கும் இடையே 10 டிகிரி வேறுபாடு மட்டும் இருப்பதாக வைத்தால், புடைப்பு 6 மைக்ரோமீட்டர் வருகிறது. புடைத்த முகம் தனக்கான ஆப்பைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. சுமையின் அழுத்தமும் அதே பக்கமாகவே வளைக்கிறது. 1955இல் ரைமாண்டியும் பாய்டும் இந்தப் புடைப்பைக் கணக்கில் சேர்த்து, நடுமுனைச் சறுக்கி சுமை தாங்குவதை எண்களால் காட்டினார்கள்.

6 மைக்ரோமீட்டர் என்ற எண்ணை நினைவில் வைக்க வேண்டும். துகள்கள் தந்த ஆதாயம் 2 மைக்ரோமீட்டர். உலோகம் சூட்டில் வளைவது அதைப்போல மூன்று மடங்கு. வளைவைப் புறக்கணித்துவிட்டுத் துகளை ஆராய்பவர், யானையைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டு அதன் மேலிருக்கும் ஈயை எடைபோடுகிறார்.

இதில் பணயமாக இருப்பது ஆய்வு மாணவர்களின் ஆண்டுகள். ஒரு முதுநிலைப் பட்டதாரி நான்கைந்து ஆண்டுகளைக் கொடுத்து, திரவத்தின் பெயரையும் சறுக்கியின் வடிவத்தையும் மாற்றி மாற்றி அதே வளைகோட்டை வரையக் கற்றுக்கொள்கிறார். பட்டம் கிடைக்கிறது. ஆனால் ஒரு தாங்கியின் வெப்பநிலைப் பதிவை அவரிடம் கொடுத்து, சறுக்கியின் உலோக வெப்பம் ஏன் சென்ற வாரத்தைவிட 8 டிகிரி கூடியிருக்கிறது என்று கேட்டால், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறார். சூடேற்றம் மெலியும் படலத்தின் முதல் அறிகுறி என்பதை அவருடைய ஆய்வேட்டின் எந்த வரைபடமும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. அது அவர் குற்றமன்று. அவருக்குக் கொடுக்கப்பட்ட கேள்வியின் குற்றம்.

திருத்தம் கடினமானதன்று, புதிய கருவியும் நிதியும் வேண்டியதில்லை. நெறியாளரும் தேர்வாளரும் ஐந்து கேள்விகளைக் கேட்டால் போதும். படலம் எத்தனை மைக்ரோமீட்டர். உங்கள் அளவுருவின் மதிப்பு அந்தத் தடிமனில் எந்த உண்மைத் திரவத்துக்குப் பொருந்தும்? சுமையை நிலையாக வைத்தால், படலமும் உராய்வும் எவ்வளவு மாறுகின்றன? அதே பாகுநிலை உள்ள சாதாரண எண்ணெயைவிட இது எந்த வகையில் மேல்? அகலத்தையும் வெப்பத்தையும் சேர்த்த பிறகும் அந்த ஆதாயம் மிஞ்சுகிறதா?

இவ்வைந்துக்கும் விடையளித்துவிட்டு எழும் வளைகோடு எதுவாயினும், அது சிறிய உயர்வைக் காட்டினாலும், உயர்வே இல்லை என்று காட்டினாலும், அச்சேறத் தகுதியுடையது. “இந்தத் திரவத்தால் 40 மைக்ரோமீட்டர் படலத்தில் பயனில்லை” என்று சான்றோடு முடியும் ஓர் ஆய்வேடு, “அதிகரிக்கிறது” என்று முடியும் நூறு கட்டுரைகளைவிடத் தாங்கிகளைப் பற்றி அதிகம் சொல்கிறது. அத்தகைய ஆய்வேட்டுக்குப் பட்டம் வழங்கும் துணிவு துறைகளுக்கு இருக்கிறதா என்பதுதான் எஞ்சியிருக்கும் கேள்வி.